கண்மாய் நிறைந்தும் என் கிணறு ஏன் ஏறவில்லை?

கேள்வி: திருமயம் பக்கம் எங்கள் ஊர். கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்து 20 நாள் ஆகிறது. கரைக்குக் கீழே உள்ள கிணறுகளில் 10 அடி ஏறிவிட்டது. கண்மாய்க்கு மேற்கே மேட்டில் இருக்கும் என் 45 அடிக் கிணற்றில் 2 அடிதான். இதுவரை 300 மி.மீ. மழை பெய்ததாகப் பள்ளிக்கூடத்து மழைமானி சொல்கிறது. அடுத்த வாரம் பேரனின் வகுப்புப் பிள்ளைகள் கிணறு பார்க்க வருகிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?

பதில்: ஐயா, உங்கள் கிணறு கண்மாய்க்கு மேட்டில் இருக்கிறது. நிலத்துக்குள் இறங்கும் தண்ணீரும் பள்ளம் பார்த்துத்தான் ஓடும். கண்மாயில் கசிவது கரைக்கு அடியில் புகுந்து ஆயக்கட்டு வயல்கள் பக்கம் போகும், உங்கள் பக்கம் ஏறி வராது. உங்களுக்கு வருவது உங்கள் மேட்டில் விழும் மழை மட்டும்தான்.

பிள்ளைகளிடம் பாறையிலிருந்து ஆரம்பியுங்கள். நிலத்தடி நீர் என்றதும் பூமிக்குள் ஒரு ஏரி கிடப்பதாக நினைத்துக்கொள்வார்கள். உங்கள் ஊரில் மேலே கொஞ்சம் மண், அதன் கீழே சரளையும் மக்கிய பாறையும், அதற்கும் கீழே வெடிப்பு விட்ட கெட்டிப் பாறை. தண்ணீர் அந்த இடுக்குகளில்தான் நிற்கும். இப்படிப்பட்ட இடத்தில் நூற்றுக்கு 2 பங்கு இடம் தண்ணீருக்குக் கிடைத்தாலே சரி. ஒரு கன மீட்டர் பாறையில் 20 லிட்டர், ஏறத்தாழ இரண்டு குடம்!

இடம் குறைவு என்பதால் கொஞ்சம் தண்ணீர் இறங்கினாலும் மட்டம் சட்டென்று ஏறும், இறைத்தால் அதே வேகத்தில் இறங்கும். உங்கள் 2 அடி ஏற்றத்துக்கு 12 மி.மீ. தண்ணீர் போதும். 300 மி.மீ. மழையில் மிச்சம் எங்கே என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். முதல் மழைகளைக் காய்ந்த மண் குடித்துவிட்டது. மண் நிறைந்த பிறகுதான் கீழே சொட்டும். மீதியில் ஒரு பகுதி ஓடையாக ஓடியது, ஒரு பகுதி ஆவியானது. பாறைப் பகுதிகளில் ஒரு பருவ மழையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு உள்ளே போனாலே பெரிது. நீங்கள் மோட்டார் போட்டு எடுத்ததையும் கழித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கண்மாய்க்கு வாருங்கள். ஓடிப்போக வேண்டிய தண்ணீரை நிறுத்தி, இறங்குவதற்கு நாள் கொடுப்பதுதான் அதன் வேலை. கண்மாய், குளங்களில் நாளொன்றுக்கு 1.4 மி.மீ. இறங்கும் என்று நிலத்தடி நீர்க் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் 10 ஹெக்டேர் பரப்பில் 100 நாள் தண்ணீர் நின்றால் 14,000 கன மீட்டர். அந்த 2 பங்கு இடுக்கில் நிரப்பினால் 70 ஹெக்டேருக்கு மட்டம் ஒரு மீட்டர் ஏறும். இது அந்தப் பரப்பு முழுவதுக்குமான சராசரி. கரையை ஒட்டிய கிணறுகளில் அதிகமாகவும் சீக்கிரமாகவும் ஏறும், தள்ளிப்போகப் போகக் குறையும். அங்கே 10 அடி ஏறியதில் ஆச்சரியம் இல்லை.

இந்த 1.4 எல்லாக் கண்மாய்க்கும் பொருந்தாது. வரத்துக் கால்வாய் கொண்டுவரும் நைஸ் வண்டல் உள்வாயில் படிந்து, சாந்து பூசிய மாதிரி அடைத்துக்கொள்ளும். தண்ணீர் தளும்பும், கீழே இறங்காது. கண்டுபிடிப்பது எளிது. மடை அடைத்திருக்கும், கலுங்கும் நின்றுபோன, மழையில்லாத ஒரு வாரத்தில், தண்ணீரில் அளவுகோல் கட்டிய குச்சியை நட்டு, தினமும் எவ்வளவு இறங்குகிறது என்று குறியுங்கள். தை மாதத்தில் ஆவியாவது சுமார் 4 மி.மீ. இருக்கும். குச்சியில் 6 காட்டினால் 2 மி.மீ. கசிகிறது. 4-ஐ ஒட்டியே நின்றால் அடைப்புதான். அப்படியானால் கோடையில் வண்டலை வழித்து வயலுக்கு அடிக்கலாம். கரையை ஒட்டி மட்டும் தோண்டவேண்டாம், கரை பலவீனமாகிவிடும்.

உங்கள் கிணற்றுக்குக் கண்மாயை நம்பிப் பயனில்லை. வரப்பை உயர்த்தி மழையை வயலிலேயே நிறுத்துங்கள், மேட்டில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டுங்கள். கலங்கிய மழைத்தண்ணீரை நேரே கிணற்றில் விடும் யோசனை சிலருக்கு வரும். நானும் இளவயதில் ஒருவருக்கு அப்படிச் சொல்லி, இரண்டே மழையில் ஊற்றுக்கண் அடைத்துப்போனதைப் பார்த்தேன். கண்டிப்பாக வேண்டும் என்றால் கல், சரளை, மணல் அடுக்கிய குழி வழியாகத் தெளிந்த பிறகு விடுங்கள்.

பிள்ளைகள் வரும்போது கயிற்றில் கல் கட்டி, கிணற்றுச் சுவரில் ஒரு குறி வைத்து, அங்கிருந்து தண்ணீர் வரை அளக்கச் சொல்லுங்கள். காலையில், மோட்டார் போடுவதற்கு முன்பே அளக்க வேண்டும். வாரம் ஒரு முறை, உங்கள் கிணற்றிலும் கரைக்குக் கீழே ஒரு கிணற்றிலும் பங்குனி வரை அளந்தால், எது முதலில் இறங்குகிறது என்று அவர்களே உங்களுக்குச் சொல்வார்கள்.