பங்கு விற்ற பணம் எங்கே நிற்கிறது? கேள்வி-பதில்

கே: பங்கை விற்று இரண்டு நாள் ஆகிறது. பணம் வரவில்லை. என்ன செய்ய?

எந்தக் கிழமை விற்றீர்கள், பணத்தை வங்கிக்கு அனுப்பச் சொல்லும் பேஅவுட் கோரிக்கை கொடுத்தீர்களா, எதையும் எழுதவில்லை. முதலில் தரகரிடம் உள்ள உங்கள் வரவு-செலவுக் கணக்கான லெட்ஜரைப் பாருங்கள். அங்கே வரவு இருந்தால் பணம் தரகரிடம் இருக்கிறது. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கே: வியாழன் 200 பங்குகளைத் தலா 1,500 ரூபாய்க்கு விற்றேன். திங்கள் காலை வரை வங்கியில் ஒரு ரூபாய்கூட இல்லை. தரகர் என் பணத்தைச் சுழற்றுகிறாரா? டி+1 என்றால் மறுநாள் பணம் வர வேண்டாமா?

வாரம் தவறாமல் வரும் கடிதம் இது. டி+1 என்பது, விற்ற அடுத்த வேலை நாளில், சந்தையின் கொடுக்கல் வாங்கலைத் தீர்த்து வைக்கும் கிளியரிங் கார்ப்பரேஷனிலிருந்து தரகருக்குப் பணம் வரும் கெடு. உங்கள் வங்கிக்கு வரும் கெடு அல்ல. 2023 ஜனவரி இறுதியில் எல்லாப் பங்குகளும் டி+1க்கு மாறியபோது, மறுநாளே வங்கியில் பணம் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். அந்த நினைப்பை யாரும் திருத்தவில்லை என்பதுதான் என் நெடுநாள் ஆதங்கம்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். விற்ற தொகை 3 லட்சம். பங்குப் பரிவர்த்தனை வரி மட்டும் 300 ரூபாய். தரகு, ஜிஎஸ்டி, டீமேட் கட்டணம் போக சுமார் 2.99 லட்சம் வெள்ளிக்கிழமை லெட்ஜரில் வரவாகியிருக்கும். கடிதத்தின் கடைசி வரியில்தான் வெள்ளியன்றே 80 ஆயிரத்துக்கு வேறு பங்கு வாங்கியதைச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தத் தொகையைத் தரகர் நிறுத்தி வைப்பார். ஆக, எடுக்கக்கூடியது சுமார் 2.2 லட்சம்தான். கோரிக்கை கொடுத்ததோ சனிக்கிழமை இரவு. அது திங்கள் வேலை நேரத்தில்தான் பரிசீலனைக்குப் போகும். அன்று மாலையோ செவ்வாயோ வங்கிக்கு வரும். யாரும் சுழற்றவில்லை.

வியாழன் அன்றே கோரிக்கை கொடுத்திருந்தாலும் பயனில்லை. தீர்வு முடியாத, அதாவது தரகருக்கு இன்னும் வந்து சேராத தொகை எடுக்கக்கூடிய இருப்பில் சேராது. விற்ற அன்றே செயலியில் காட்டும் பெரிய தொகை, வேறு பங்கு வாங்கப் பயன்படும் வரம்பு மட்டுமே. அதையும் எடுக்கக்கூடிய தொகையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. கணக்கு தொடங்கும்போது 'ரன்னிங் அக்கவுண்ட்' அனுமதியில் கையெழுத்திட்டிருப்பீர்கள், பெரும்பாலோர் போலப் படிக்காமலே. அந்த அனுமதி இருந்தால், நீங்கள் கேட்கும் வரை தரகர் பணத்தை வைத்திருக்கலாம். கேட்காவிட்டால், நீங்கள் தேர்ந்தெடுத்தபடி மாதத்துக்கோ காலாண்டுக்கோ ஒருமுறை, முதல் வெள்ளி அல்லது சனியில் நிலுவை போக மீதத்தைத் தானே அனுப்பியாக வேண்டும். அனுமதியே கொடுக்காதவர்களுக்குத் தீர்வு முடிந்த ஒரு வேலை நாளுக்குள் வர வேண்டும். இதை வாசகர்கள் எனக்குக் கடிதம் எழுதித் தெரிந்துகொள்ளும் நிலை இருக்கக் கூடாது. தரகர்கள் விற்பனை உறுதிச் செய்தியிலேயே ஒரு வரி சேர்த்தால் போதும்.

கே: பிப்ரவரி 18 விற்றேன். 20ஆம் தேதிதான் லெட்ஜரில் வரவு. ஏன்?

நீங்கள் சொல்வது 2025 என்று எடுத்துக்கொள்கிறேன். 19 சிவாஜி ஜெயந்தி. சந்தை நடந்தது, மும்பையில் வங்கிகள் மூடியிருந்ததால் தீர்வு நடக்கவில்லை. சந்தை விடுமுறையும் தீர்வு விடுமுறையும் வேறு வேறு. ஆண்டுக் கணக்கு முடிப்பையொட்டிய ஏப்ரல் 1 அன்றும் இப்படித்தான் நடக்கும். அவசரப் பணம் தேவையென்றால் தீர்வு விடுமுறைப் பட்டியலைப் பார்த்துவிட்டு விற்கவும்.

கே: பேஅவுட் 'வெற்றி' என்று காட்டுகிறது, வங்கியில் இல்லை.

பணம் அனுப்பியதற்கான அடையாளமான யூடிஆர் எண்ணைத் தரகரிடம் வாங்கி வங்கியில் காட்டுங்கள். வங்கிக் கிளை இணைப்பில் ஐஎஃப்எஸ்சி மாறியிருந்தாலோ, கணக்கு முடங்கியிருந்தாலோ பணம் திரும்பி லெட்ஜருக்கே வந்திருக்கும். லெட்ஜரைப் பாருங்கள். பேஅவுட் தரகரிடம் பதிவான வங்கிக் கணக்குக்கே போகும். மனைவி பெயரில் உள்ள கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லாதீர்கள்.

கே: நேற்று வாங்கியதை இன்று விற்றேன். தொகை முழுதாக வரவாகவில்லை.

உங்களுக்கு விற்றவர் பங்கைக் கொடுக்கத் தவறியிருக்கலாம். அப்படியானால் நீங்கள் விற்றதை ஒப்படைக்கப் பங்கில்லை. அந்தப் பங்கை வேறொருவரிடம் வாங்கித் தரும் ஏலத்துக்கு அது போகும், ஏலக் கணக்கு முடியும்வரை பணம் நிற்கும். டீமேட்டில் பங்கு வருமுன் விற்பவர்கள் ஏற்கும் அபாயம் இது.

கே: அன்றே பணம் தரும் டி+0 வந்துவிட்டதாமே?

2024 மார்ச்சில் 25 பங்குகளோடு தொடங்கியது. எல்லாத் தரகரும் தருவதில்லை. தந்தாலும் பணம் அன்று வருவது லெட்ஜருக்குத்தான். வங்கிக்கு வர, வழக்கம்போலக் கோரிக்கை வேண்டும்.

கே: கோரிக்கை கொடுத்து ஒரு வாரம் ஆகிறது. எடுக்கக்கூடிய இருப்பு இருக்கிறது. தரகர் பதிலே சொல்வதில்லை.

இந்தக் கடிதத்தில் உள்ளது உண்மையான புகார். லெட்ஜர், கான்ட்ராக்ட் நோட், கோரிக்கை எண் மூன்றையும் இணைத்துத் தரகரின் குறைதீர் மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். சரியான பதில் இல்லையென்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் பதியுங்கள். 21 நாள்களுக்குள் பதிலளிக்க வேண்டிய கடமை தரகருக்கு உண்டு. தொலைபேசியில் பேசியதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.