1 ஸ்பேடுக்கு 2 ஸ்பேடா, 3 ஸ்பேடா?

"ஹட்டன்ல சனிக்கிழமை பிரிட்ஜ் ஆட்டம். பார்ட்னர் 1 ஸ்பேட். என் கை: ஸ்பேட் கிங் 9 6 4, ஹார்ட் 7 3, டைமண்ட் ஏஸ் குயீன் 8 5 2, கிளப் 6 4. 2 ஸ்பேட் சொன்னேன். அவர் பாஸ். 10 பிடி வந்தது! 2 டைமண்ட் சொல்லியிருக்கணுமா?"

இல்லை, 3 ஸ்பேட் சொல்லியிருக்க வேண்டும்.

நீங்கள் படச்சீட்டுகளை மட்டும் எண்ணி 9-இல் நின்றிருப்பீர்கள். துரும்பு பொருந்தியதும் குட்டை நிறங்களுக்கும் மதிப்பு உண்டு: இரண்டு சீட்டு நிறத்துக்கு 1, ஒற்றைச் சீட்டுக்கு 3, வெறுமைக்கு 5. உங்களிடம் இரண்டு குட்டைகள், மொத்தம் 11. நான்கு துரும்புடன் 10 முதல் 12 வரை என்றால் 3 ஸ்பேட். 2 ஸ்பேட் 6 முதல் 9 வரைதான். 14 புள்ளிக்காரர் அதற்குமேல் போகமாட்டார், பழியை அவர்மேல் போடாதீர்கள்.

2 டைமண்ட் நான்காவது துரும்பை மறைத்துவிடும். அதே 11, ஆனால் ஸ்பேட் மூன்றுதான் என்றால், பழைய முறையில் முதலில் 2 டைமண்ட், அடுத்து 3 ஸ்பேட். 'டூ ஓவர் ஒன்' ஆடுவோருக்கு 2 டைமண்ட் கேம் வரை கட்டாயம். இந்தக் கைக்கு அது அதிகம்.

பார்ட்னரிடம் ஒன்று கேட்டுவையுங்கள். பெர்கன் முறை ஆடுகிறவர் என்றால், 3 ஸ்பேட் பலவீனமான கை என்றே எடுப்பார். எதிராளி நடுவில் குறுக்கிட்டாலும் பலர் அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள்.