ஐந்தா, ஏழா: பொருத்தக் கணக்கில் ஏன் இந்த வேறுபாடு?

கேள்வி: என் மகளுக்கு ரோகிணி நட்சத்திரம், ரிஷப ராசி. வந்திருக்கும் வரனுக்குச் சதயம், கும்ப ராசி. எங்கள் குடும்ப ஜோதிடர், "பத்துக்கு ஐந்துதான் பொருந்துகிறது, கண்ட ரஜ்ஜு தட்டுகிறது, பெண்ணின் ஆயுளுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டு ஜோதிடரோ, "ஏழு பொருத்தம் இருக்கிறது, தாராளமாகச் செய்யலாம்" என்கிறார். பெண்ணுக்கும் பையனுக்கும் ஒருவரையொருவர் பிடித்திருக்கிறது. யார் சொல்வதை எடுத்துக்கொள்வது? – ஒரு தாய், திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் ஜோதிடர் இருவருமே கணக்கில் பிழை செய்யவில்லை. இருவரும் ஒரே இரண்டு நட்சத்திரங்களை வைத்துத்தான் பார்த்திருக்கிறார்கள், எட்டுப் பொருத்தங்களில் இருவருக்கும் ஒரே விடைதான் வந்திருக்கும். மீதமுள்ள இரண்டில், அதாவது கணத்திலும் ரஜ்ஜுவிலும், இருவேறு மரபுகளைப் பின்பற்றியதால்தான் ஐந்து ஏழாகியிருக்கிறது. இதை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம் என்பதால் கணக்கை விளக்கிச் சொல்கிறேன்.

பொருத்தம் எண்ணுவது எப்போதும் பெண்ணின் நட்சத்திரத்திலிருந்துதான். ரோகிணியை ஒன்று என்று கொண்டு எண்ணினால் சதயம் இருபத்தொன்றாவதாக வரும். இந்த 21 என்ற எண்தான் மூன்று பொருத்தங்களை முடிவு செய்கிறது. இதை ஒன்பதால் வகுத்தால் மீதி 3 வரும். அது விபத்துத் தாரை என்பதால் தினப் பொருத்தம் இல்லை. மகேந்திரத்துக்கு 4, 7, 10 என்று மும்மூன்றாகக் கூடி 25 வரை செல்லும் எண்கள் வேண்டும். அந்த வரிசையில் 21 இல்லை. பெண்ணின் நட்சத்திரத்துக்கு வெகு தொலைவில் ஆணின் நட்சத்திரம் இருக்க வேண்டும் என்று கேட்கும் ஸ்திரீ தீர்க்கம் மட்டும், 13ஐத் தாண்டிவிட்டதால் பொருந்துகிறது. அடுத்து ராசி: ரிஷபத்துக்குக் கும்பம் பத்தாவது என்பதால் பொருத்தம் உண்டு. ராசி அதிபதிகளான சுக்கிரனும் சனியும் நட்பு. யோனியில் ரோகிணிக்குப் பாம்பு, சதயத்துக்குக் குதிரை; பாம்புக்குப் பகை கீரி, குதிரைக்குப் பகை எருமை, ஆகவே இங்கே பகை இல்லை. ரோகிணிக்கு வேதை சுவாதி, சதயத்துக்கு வேதை அஸ்தம் என்பதால் வேதையும் இல்லை. ரிஷபத்துக்கு வசியமான ராசிகள் கடகமும் துலாமும்தான், ஆகையால் வசியம் கிடையாது. ஸ்திரீ தீர்க்கம், ராசி, அதிபதி, யோனி, வேதை ஆகிய இந்த ஐந்தும்தான் உங்கள் ஜோதிடர் சொன்ன ஐந்து.

இனிக் கணம். ரோகிணி மனுஷ கணம், சதயம் ராட்சச கணம். கணங்கள் வேறானால் பொருத்தமே இல்லை என்று கண்டிப்பாகச் சொல்பவர்கள் உண்டு. பெண் ராட்சச கணமாக இருந்தால்தான் கூடாது, ஆண் ராட்சச கணமாக இருந்தால் மத்திமம் என்று சேர்த்துக்கொள்பவர்களும் உண்டு. இதே குணம் பெண்ணுக்கு இருந்தால் விலக்கு, ஆணுக்கு இருந்தால் சலுகை என்ற இந்த விதியின் நியாயத்தை நான் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாப்பிள்ளை வீட்டுக் கணக்கில் ஆறாவது பொருத்தம் இப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

உங்களை உறங்கவிடாமல் செய்திருப்பது ரஜ்ஜுதான் என்பதால் அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். இருபத்தேழு நட்சத்திரங்களையும் உடலின் ஐந்து பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அசுவினி பாதம், பரணி தொடை, கார்த்திகை வயிறு, ரோகிணி கழுத்து, மிருகசீரிடம் தலை என்று கீழிருந்து மேலே ஏறி, பிறகு திருவாதிரை கழுத்து, புனர்பூசம் வயிறு, பூசம் தொடை, ஆயில்யம் பாதம் என்று மேலிருந்து கீழே இறங்கும் இந்த ஒன்பதின் வரிசை, மகத்திலிருந்தும் மூலத்திலிருந்தும் மீண்டும் அப்படியே தொடங்கும். ஆண், பெண் இருவரின் நட்சத்திரமும் ஒரே பகுதியில் விழுந்தால் ரஜ்ஜு தட்டுகிறது என்கிறார்கள். பாதமானால் ஊர் ஊராக அலைச்சல், தொடையானால் பொருள் இழப்பு, வயிறானால் பிள்ளைகளுக்குக் கேடு, கழுத்தானால் மனைவிக்கு, தலையானால் கணவனுக்கு ஆயுள் குறைவு என்பது சொல்லப்படும் பலன். ரோகிணியும் சதயமும் கழுத்தில் விழுகின்றன. உங்கள் ஜோதிடர் கண்ட ரஜ்ஜு என்றது இதைத்தான்.

ஆனால், அதே மரபுக்குள்ளேயே இன்னொரு விதியும் வழங்கி வருகிறது. மேலே ஏறும்போது வரும் கழுத்து ஆரோகணம், கீழே இறங்கும்போது வரும் கழுத்து அவரோகணம். இருவரும் ஒரே பகுதியில் இருந்தாலும் ஒருவர் ஏறுமுகத்திலும் மற்றவர் இறங்குமுகத்திலும் இருந்தால் தோஷமில்லை என்று பல ஜோதிடர்கள் ஏற்கிறார்கள். ரோகிணி ஏறுமுகம், சதயம் இறங்குமுகம். மாப்பிள்ளை வீட்டு ஜோதிடர் ரஜ்ஜுவைச் சேர்த்து ஏழு என்றது இந்த விதியால்தான்; அவர் உங்களை ஏமாற்றவில்லை, உங்கள் ஜோதிடரும் உங்களை வேண்டுமென்றே மிரட்டவில்லை.

இதிலிருந்து ஒன்று விளங்கும். பத்துப் பொருத்தங்களும் ஒரே எடையுள்ளவை அல்ல என்பதால், இத்தனைக்கு இத்தனை என்ற எண்ணிக்கைக்குத் தனியாகப் பொருள் இல்லை. எட்டுப் பொருந்தியும் ரஜ்ஜு தட்டினால் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும் ஜோதிடர்கள் இருக்கிறார்கள். ஐந்தே இருந்தும் ரஜ்ஜுவும் ராசியும் நன்றாக இருந்தால் சம்மதிப்பவர்களும் இருக்கிறார்கள். வட இந்தியாவில் 36 புள்ளிக்குப் பார்க்கும் முறையில் 18 வந்தால் போதும் என்பார்கள். அந்த எட்டுக் கூட்டங்களில் ரஜ்ஜு என்ற இனமே கிடையாது. அங்கே மிக அதிகமான 8 புள்ளிகள் நாடிக்குத்தான், ரோகிணிக்கும் சதயத்துக்கும் நாடி வேறு என்பதால் அந்த எட்டும் முழுமையாகக் கிடைத்துவிடும். உங்கள் மகளின் உயிருக்கு ஆபத்து என்று இங்கே சொல்லப்படுவது, விந்திய மலைக்கு அப்பால் கேள்வியாகவே எழாது.

என் கருத்தைக் கேட்டால், கண்ட ரஜ்ஜுவுக்காக இந்த வரனை நான் விடமாட்டேன். இருபத்தேழு நட்சத்திரங்களையும் ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்றாகச் சேர்த்தால் 729 இணைகள் வரும். அவற்றில் 153 இணைகள் ஏதாவதொரு ரஜ்ஜுவில் தட்டும், கழுத்தில் மட்டும் 36 தட்டும். அதாவது, ஜாதகமே பார்க்காமல் நடந்த திருமணங்களில் ஏறத்தாழ இருபதில் ஒன்று கண்ட ரஜ்ஜுவில்தான் நடந்திருக்கும். ஜாதகம் பார்க்காத குடும்பங்கள் நம் தெருவிலேயே எத்தனையோ உண்டு. அந்தப் பலன் உண்மையானால் அந்த வீடுகளில் அது கண்ணுக்குத் தெரியும்படி நிகழ்ந்திருக்க வேண்டும். சந்திரன் ஒரு நட்சத்திரத்தில் ஏறக்குறைய ஒரு நாள் இருக்கிறது. ஆகவே சதயத்தில் பிறந்தவர் என்றால் அன்றைய தினம் பிறந்த அத்தனை பேரும்தான். அவர்களில் ஒருவரைக்கூட ரோகிணிப் பெண் மணந்தால் உயிருக்கு ஆபத்து என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஜாதகத்தில் முழு நம்பிக்கையுள்ள குடும்பம் உங்களுடையது என்றால், உங்கள் ஜோதிடரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. முதலாவது, இருவரின் பிறந்த நேரமும் நட்சத்திரம் மாறும் வேளைக்கு அருகில் இருக்கிறதா என்பது. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் நட்சத்திரம் முடியும் நேரம் சில சமயம் ஒரு மணிக்கும் மேலாக வேறுபடும். உங்கள் மகள் ரோகிணியின் கடைசிப் பகுதியில் பிறந்திருந்தால் மற்றொரு பஞ்சாங்கத்தில் மிருகசீரிடமாகி, ரஜ்ஜு தட்டாமலே போகக்கூடும். ஒரு குழந்தை எந்தப் பஞ்சாங்கத்தில் பிறந்தது என்பதைப் பொறுத்து அதன் திருமணம் நிற்பது எப்படிப்பட்ட நிலை என்பதையும் அப்போது யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, நட்சத்திரத்தைத் தாண்டி இருவரின் கட்டங்களையும் அவர் பார்த்தாரா என்பது. ஏழாம் இடம், எட்டாம் இடம், நடக்கும் தசை ஆகியவற்றைப் பார்க்காமல் நட்சத்திரப் பொருத்தத்தை மட்டும் வைத்து ஆயுளைப் பற்றிப் பேசுவதை, தொழிலை முறையாகக் கற்ற ஜோதிடர்களே ஒப்புக்கொள்வதில்லை.

குறைவான பொருத்தம் வந்தபோது குடும்பங்கள் செய்வதையும் நீங்கள் அறிந்திருப்பீர்கள். "செய்யலாம்" என்று ஒருவர் சொல்லும்வரை ஜோதிடர்களை மாற்றிக்கொண்டே போவார்கள். கோயிலில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் பொட்டலமாகக் கட்டிச் சுவாமி முன் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். மனது அமைதியாகும் என்றால் பூக்கட்டிப் பார்ப்பதில் கேடில்லை. ஆனால், வேண்டாத பூ வந்தால் இந்த வரனைக் கைவிட உண்மையில் தயாராக இருந்தால் மட்டும் பாருங்கள். பரிகாரம் என்று பெருந்தொகை கேட்பவரிடம் மட்டும் கவனமாக இருங்கள். ரஜ்ஜு தோஷத்துக்குப் பரிகாரமே இல்லை என்று பயமுறுத்திவிட்டு அடுத்த வாக்கியத்தில் பரிகாரத்துக்கு விலை சொல்பவர்களும் உண்டு. பிறந்த நேரத்தைச் சற்று மாற்றிப் புது ஜாதகம் எழுதித் தருகிறேன் என்று யாராவது முன்வந்தால் அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். பின்னாளில் அது தெரியவந்தால், ஜாதகத்தைவிட உங்கள் வார்த்தைதான் பொய்த்ததாக எடுத்துக்கொள்ளப்படும்.

இதைவிட முக்கியமான வேலை ஒன்று உங்களுக்கு இருக்கிறது. உங்கள் ஜோதிடர் கண்ட ரஜ்ஜு என்று சொன்னதை மாப்பிள்ளையின் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர்கள் ஜோதிடர் ஏறுமுகம், இறங்குமுகம் பார்த்துத்தான் சேர்த்தார் என்பதை அவர்களும் அறிந்து, மனதார ஏற்கிறார்களா என்று கேளுங்கள். கண்ட ரஜ்ஜு மனைவியின் ஆயுளைப் பற்றியது என்பதால் பிள்ளை வீட்டார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இருந்திருக்கலாம். நாளைக்கு உங்கள் மகளுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும், பிரசவம் சற்றுக் கடினமானாலும், "அப்போதே சொன்னார்கள்" என்று யாரும் சொல்லாத வீடா என்பதை இப்போதே அறிந்துகொள்வது நல்லது. அவர்கள் தயங்கினால் அந்தத் தயக்கம்தான் உங்களுக்கு உண்மையான தகவல்.

உங்கள் மகளிடமும் ஜோதிடர் சொன்னதை அப்படியே சொல்லிவிடுங்கள். அவள் நலம் பற்றிய பேச்சு இது, அவளைத் தவிர எல்லோரும் அறிந்திருப்பது முறையல்ல. எல்லாம் கேட்டபின் அவளுக்குச் சம்மதம் என்றால் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறியுங்கள். அவளோ நீங்களோ வேறு காரணத்தால் விலக நினைத்தால், ஜாதகம் பொருந்தவில்லை என்ற வழக்கமான பதிலைச் சொல்லாமல், காரணம் எதுவோ அதைப் பண்பாகச் சொல்லி விலகுங்கள். ஏழு பொருத்தம் இருக்கிறது என்று அவர்களிடமே கணக்கு இருக்கும்போது அந்தப் பதில் எடுபடாது.