டெல்மிசார்டான் தொடங்கியதும் கிரியேட்டினின் ஏறினால்

"அப்பாவுக்குச் சர்க்கரை, சிறுநீரில் புரதம் போகிறது. டெல்மிசார்டான் என்ற பிரஷர் மாத்திரை தொடங்கி இரண்டு வாரத்தில் கிரியேட்டினின் 1.1-லிருந்து 1.3 ஆகிவிட்டது. நிறுத்திவிடலாமா?"

நீங்களாக நிறுத்த வேண்டாம். இது 18 சதவீத ஏற்றம்தான். பொதுவாக 30 சதவீதம் வரை, அதாவது அவருக்கு 1.4 வரை, ஏற்றுக்கொள்வார்கள்.

சிறுநீரக வடிகட்டிகளுக்குள் இருக்கும் அழுத்தத்தை இந்த மருந்து குறைக்கிறது. வடிகட்டும் வேகம் சற்று இறங்குவதால் கிரியேட்டினின் ஏறுகிறது. புரதக் கசிவு குறைவதும் அதே காரணத்தால்தான்.

அதே ரிப்போர்ட்டில் பொட்டாசியத்தைப் பாருங்கள். 5.5-ஐத் தாண்டியிருந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய வலி மாத்திரை ஏதாவது போடுகிறாரா என்றும் கேளுங்கள். வீட்டில் யாரும் அதை ஒரு மருந்தாகவே கணக்கில் வைப்பதில்லை. பிரஷர் 130/80-க்குக் கீழே வர வேண்டும். ஆனால் எழுந்து நிற்கும்போது தலைசுற்றினால் சொல்லுங்கள்.

கடும் வாந்தி, பேதி வந்தால் மட்டும் கதை வேறு: டாக்டரைக் கேட்டுத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும்.