கேள்வித்தாள்ல எந்தக் கேள்வியைத் திருப்பி ஸ்கோர் போடணும்?

கேள்வி: பி.எட் ப்ராஜெக்டுக்கு கைடு ஒரு கேள்வித்தாள் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிருக்காங்க. மலையாளம் படிக்கறதைப் பத்தி தமிழ் மீடியம் பசங்ககிட்ட 7 கேள்வி, 1ல இருந்து 5 வரைக்கும் டிக். "சிலதைத் திருப்பிப் போட்டு, தலைப்பு வாரியா சராசரி எடு"ன்னாங்க. எதைத் திருப்பறதுன்னு அதுல இல்ல. எப்படிங்க செய்யறது?

பதில்:

மொதல்ல படத்தோட மேல் வரியைப் பெருசு பண்ணிப் பாருங்க. 5ங்கறது "முழுசா ஒத்துக்கறேன்"தானான்னு உறுதி பண்ணிக்கோங்க, சில தாள்ல 1 தான் அப்படி இருக்கும், அது மாறிப்போச்சுன்னா கீழ போடற கணக்கு பூரா தலைகீழா வரும். உங்க படத்துல 5 தான் ஒத்துக்கறது, அதனால திருப்பறதுன்னா 6ல இருந்து கழிக்கறது, அவ்ளோதான். 5 போட்டிருந்தா 1 ஆகும், 4 போட்டிருந்தா 2, 3 அப்படியே நிக்கும்.

இப்ப எதைத் திருப்பறது. நிறைய பேரு "மாட்டேன்", "பதட்டம்"னு வர்ற வாக்கியத்தையெல்லாம் பொறுக்கித் திருப்பிடறாங்க, அது சரியில்லங்க. வாக்கியம் நல்லதா கெட்டதாங்கறது கணக்கே இல்ல, அது தலைப்பு போற திசையில போகுதா எதிர்ல போகுதாங்கறதுதான் கணக்கு. உங்க தாள்ல ரெண்டு தலைப்பு, ஆர்வம், பயம். "மலையாளத்துல பேசணும்னா பதட்டமா இருக்கும்"ங்கற 2வது கேள்வி பயத்துல வருது. அதுக்கு 5 போட்ட பையனுக்கு பயம் ஜாஸ்தி, ஸ்கோரும் ஜாஸ்தி, அப்ப திருப்பக் கூடாது. அதே தலைப்புல 6வது, "யாரு என்ன கேட்டாலும் தயங்காம மலையாளத்துல பதில் சொல்வேன்", கேக்க எவ்வளவு நல்லா இருக்கு, ஆனா திருப்ப வேண்டியது அதைத்தான். ஆர்வத்துல 3வதும் ("க்ளாஸ் எப்ப முடியும்னு பாத்துட்டே இருப்பேன்") 7வதும் ("பரீட்சை இல்லேன்னா மலையாளத்தைத் தொடவே மாட்டேன்") எதிர்த் திசை.

ஒரு பையனை எடுத்துக்கலாம், எங்க பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை பக்கம் இந்த மாதிரி பசங்க நிறைய, வீட்டுல கடையில எல்லாம் தமிழ், படிக்க ஆசை இருக்கும், வாய் தொறக்கத்தான் வராது. ஆர்வத்துல 1, 3, 5, 7க்கு அவன் போட்டது 4, 2, 5, 1. திருப்பினா 4, 4, 5, 5, கூட்டினா 18, நாலால வகுத்தா 4.5. திருப்பாம விட்டிருந்தா 12 வந்து சராசரி 3ன்னு நிக்கும், ஏதோ இருக்கான் பையன்னு எழுதிருப்பீங்க! பயத்துல 2, 4, 6க்கு 4, 5, 2, கடைசியை மட்டும் திருப்பினா 4, 5, 4, சராசரி 4.33.

எல்லாத்துக்கும் 5ன்னு கண்ணை மூடிட்டு டிக் அடிச்சவனும் இதுல மாட்டுவான். ஆர்வத்துல 5, 1, 5, 1னு வந்து சராசரி 3ல நிக்கும், அதனால சராசரியை மட்டும் பாக்காம அந்த வரியையும் ஒரு பார்வை பாருங்க.

எக்செல்ல பண்றீங்கன்னா பழைய column மேலயே திருப்பி எழுதாதீங்க, பக்கத்துல புது column போடுங்க, இல்லேன்னா ஏற்கனவே திருப்பினதான்னு மறந்துபோய் ரெண்டாவது தடவையும் திருப்புவீங்க. இன்னொரு வில்லங்கம், பையன் டிக் அடிக்காம விட்ட இடம். காலி செல்லை எக்செல் 0ன்னு எடுத்துக்கும், 6ல இருந்து 0 போனா 6, அந்த 6 சராசரிக்குள்ள போயிரும். மேல சொன்ன பையன் 6வதை விட்டிருந்தா பயம் 4, 5, 6ன்னு ஆகி சராசரி சரியா 5 வரும், அதைப் பாத்து யாருக்கும் சந்தேகமே வராது. உள்ளபடி வர வேண்டியது போட்ட ரெண்டோட சராசரி, 4.5. அதனால 3வது கேள்வி D column-ல இருந்தா இப்படிப் போடுங்க:

```
=IF(D2="","",6-D2)
```

இது காலியைக் காலியாவே விடும், AVERAGE அதைச் சேத்துக்காது. திருப்பின column-ல எங்கயாவது 6 தெரிஞ்சா ஃபார்முலா தப்பு.

மொத்தப் பசங்க டேட்டாவும் ஏறினதுக்கு அப்புறம், ஒவ்வொரு கேள்வியையும் அதே தலைப்புல மத்த கேள்விகளோட கூட்டுத்தொகையோட CORREL போட்டு, ரெண்டும் சேந்து ஏறி இறங்குதான்னு பாருங்க. எதுக்காவது மைனஸ்ல வந்தா அதைத் திருப்பாம விட்டிருக்கீங்க, இல்ல சும்மா இருந்ததைத் திருப்பிருக்கீங்க. ரெண்டும் இல்லேன்னா பசங்களுக்கு அந்த வாக்கியம் புரியல. "மாட்டேன்"னு முடியற வாக்கியத்துக்கு "ஒத்துக்கல"ன்னு டிக் அடிக்கறது சின்னப் பசங்களுக்குக் கொஞ்சம் குழப்பம்தான், 7வதுல எனக்கு அந்த சந்தேகம் இருக்கு.

அப்புறம் ஆர்வம் 4.5, பயம் 4.33 ரெண்டையும் கூட்டி ஒரே சராசரியா போட்டுராதீங்க. ஒண்ணு ஏறினா நல்லது, இன்னொண்ணு ஏறினா கஷ்டம், கூட்டினா வர்ற 4.4க்கு அர்த்தமே இல்ல. கைடு ஒரே நம்பர்தான் வேணும்னு பிடிவாதம் பிடிச்சா பயத்தோட சராசரியையும் 6ல இருந்து கழிச்சு, 1.67, "தைரியம்"னு பேரை மாத்திட்டு அப்புறம் சேருங்க.