ஒரு நாணயத்தின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கலாமா?

*"பிட்காயினில் லாபம் பார்த்தேன். வேறொரு நாணயத்தில் நஷ்டம். இரண்டையும் கழித்து மீதிக்கு மட்டும் வரி கட்டலாமா? என்னென்ன கணக்குகளைக் கையில் வைத்திருக்க வேண்டும்? மலேசியாவில் இருக்கிறேன்."*

கழிக்கலாம், ஆனால் உங்கள் வாங்கல் விற்றல் வியாபாரமாகக் கருதப்பட்டால்தான். மலேசியாவில் தனிநபரின் கிரிப்டோ முதலீட்டு லாபத்துக்கு வரி இல்லை. அதனால் எப்போதோ வாங்கி ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து விற்றவருக்கு லாபத்தில் வரியும் இல்லை, நஷ்டத்தில் கழிவும் இல்லை. அடிக்கடி வாங்கி, குறுகிய காலத்தில் விற்று, லாபமே நோக்கமாக இருந்தால், வருமான வரி வாரியம் அதை வியாபார வருமானமாகப் பார்க்கும். அப்போது எல்லா நாணயங்களின் லாப நஷ்டமும் ஒரே கணக்கில் சேரும். லாபம் வந்தால் முதலீடு, நஷ்டம் வந்தால் வியாபாரம் என்று மாற்றிச் சொல்ல முடியாது.

பகாவில் என் அக்காள் மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். செம்பனை ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்து இரவெல்லாம் கைப்பேசியில் வாங்கி விற்பவன். ஓராண்டில் பிட்காயினில் 5,000 ரிங்கிட் லாபம். அதே ஆண்டில் அரை ஈதரை 6,000 ரிங்கிட்டுக்கு வாங்கினான், கட்டணம் 30. டிசம்பரில் அந்த அரை ஈதரின் விலை 8,000 ஆனது. விற்றுப் பணமாக்காமல், அப்படியே வேறொரு நாணயமாக மாற்றிக்கொண்டான். அதற்குக் கட்டணம் 40. ஜனவரியில் அந்த நாணயம் சரிந்தது. விற்றபோது கட்டணம் போக 4,480 ரிங்கிட் கையில் வந்தது.

"மாமா, 6,000 போட்டு நாலாயிரத்துச் சொச்சம்தான் எடுத்தேன். எல்லாம் நஷ்டம். பிட்காயின் லாபத்தில் இதைக் கழித்துவிடலாமே?" என்றான்.

சிக்கல் டிசம்பர் மாற்றலில் இருந்தது. ஒரு நாணயத்தைக் கொடுத்து இன்னொன்றைப் பெறுவதும் விற்பனைதான். அன்றைய ரிங்கிட் மதிப்பே விற்ற விலை. 8,000 ரிங்கிட்டிலிருந்து 6,030 போக 1,970 லாபம் அந்த ஆண்டிலேயே விழுந்துவிட்டது. பிட்காயினோடு சேர்த்து 6,970. புதிய நாணயத்தின் வாங்கிய விலை 8,040 ஆகிறது. ஆகவே நஷ்டம் 3,560, அதுவும் அடுத்த ஆண்டுக்கு உரியது. அதைப் பின்னோக்கி எடுத்துச் சென்று முந்தைய ஆண்டின் லாபத்தில் கழிக்க முடியாது. டிசம்பர் 31-க்குள் விற்றிருந்தால் வரிக்குரிய தொகை 3,410 ஆகியிருக்கும். இந்த ஒரு மாதத் தாமதத்தைப் பார்த்து எனக்கே மனம் வலித்தது.

ஆனாலும் அந்த 3,560 வீணாகவில்லை. வியாபார நஷ்டத்தை அது நிகழ்ந்த ஆண்டின் சம்பளம் உள்ளிட்ட மற்ற வருமானத்தில் கழிக்கலாம். கழித்தும் மிஞ்சுவதை அடுத்து வரும் 10 வரி ஆண்டுகள் வரை எடுத்துச் செல்லலாம், ஆனால் அது வியாபார வருமானத்தில் மட்டுமே கழியும். இந்தியாவில் உறவினர் இருந்தால் இதை அப்படியே சொல்லிவிடாதீர்கள். அங்கே 30 விழுக்காடு வரி, ஒரு நாணயத்தின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவே முடியாது.

இப்போது ஆவணங்கள். ஒவ்வொரு நடவடிக்கைக்கும் தேதி, நேரம், நாணயம், அளவு, அந்த வேளையின் ரிங்கிட் மதிப்பு, கட்டணம் ஆகியவை வேண்டும். வங்கிக் கணக்கறிக்கையும் வேண்டும். 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பரிமாற்றத் தளத்தின் பட்டியலை மாதாமாதம் இறக்கிச் சேமியுங்கள். அக்காள் மகன் பயன்படுத்திய ஒரு தளம் பழைய பட்டியல்களைத் தராமல் நின்றுபோனது. வங்கி அறிக்கையிலிருந்து ஒவ்வொரு வரியாகத் தேடி வாங்கிய விலையை மீட்க எங்களுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

அதிகம் ஏமாற்றுவது பணப்பை மாற்றம். ஒரு தளத்திலிருந்து உங்கள் சொந்தப் பணப்பைக்கும், அங்கிருந்து வேறொரு தளத்துக்கும் அனுப்பினால் அது விற்பனை அல்ல. ஆனால் இரண்டாவது தளத்துக்கு அந்த நாணயம் என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்று தெரியாது. அதன் பட்டியலை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் விற்ற தொகை முழுவதும் லாபமாகத் தோன்றும். பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வைத்தால் இரு முனைகளையும் இணைத்துக் காட்டலாம்.

கணக்கு சரியா என்று அறிய, ஒவ்வொரு நாணயத்துக்கும் ஆண்டுத் தொடக்க இருப்போடு வந்ததைக் கூட்டிப் போனதைக் கழியுங்கள். கட்டணமாக நாணயத்திலேயே பிடித்ததையும் போனதில் சேருங்கள். விடை பணப்பையில் இருக்கும் அளவோடு ஒத்துப்போக வேண்டும். எங்களுக்கு 0.03 ஈதர் உதைத்தது. தேடியபோது, அவன் நண்பனுக்குக் கடனாக அனுப்பியதைக் குறிக்காமல் விட்டிருந்தான்.

அதைச் சேர்த்த பிறகுதான் வியாபார வருமானம் உள்ளவர்களுக்கான பி படிவத்தை நிரப்பினோம். அதற்குக் கடைசி நாள் மறு ஆண்டு ஜூன் 30.