கருவி படத்தை வாங்குகிறதா? ஒரே நிறப் படம் போட்டுப் பாருங்கள்

“ராணிப்பேட்டையில் தோல் மாதிரிகளின் போட்டோவைப் பார்த்து நிறத்தைச் சொல்லும் கருவி ஒன்று எழுதியிருக்கிறேன். பதில் தாறுமாறாக வருகிறது. படம் உள்ளே போகிறதா என்றே தெரியவில்லை. எப்படிச் சோதிப்பது?”

தோல் போட்டோவை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். வெளிச்சம், நிழல், மடிப்பு என்று அதில் சந்தேகத்துக்கு இடம் அதிகம். முழுக்க ஆரஞ்சாக ஒரு படம் செய்து கொடுங்கள்:

```python
from PIL import Image
Image.new("RGB", (256, 256), (255, 128, 0)).save("t1.png")
```

ஏன் ஆரஞ்சு? கறுப்போ வெள்ளையோ கொடுத்தால், படமே வராமல் காலியாக இருப்பதும் அதே போலத் தெரியலாம். ஆரஞ்சு தற்செயலாக வராது. இன்னொரு லாபமும் உண்டு. பதிலில் நீலம் வந்தால் படம் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் சிவப்பும் நீலமும் இடம் மாறியிருக்கின்றன என்று அர்த்தம். ஓபன்சிவியில் படத்தைத் திறந்தால் நிறங்கள் நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில்தான் வரும். பழுப்புத் தோல் நீலச் சாயலில் தெரிகிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன்.

கோப்புக்கு `orange.png` என்று பெயர் வைக்காதீர்கள். நடுவில் ஏதாவது AI மொழி மாதிரி இருந்தால், அது பெயரைப் பார்த்தே சொல்லிவிடும். JPEG-உம் வேண்டாம், அதில் எண்கள் லேசாக நகரும். ஒரே ஒரு பிக்சல் படத்தைச் சில கருவிகள் ஏற்பதில்லை, அதனால்தான் 256.

சரி, ஆரஞ்சு என்றே வந்துவிட்டால்? பாதை திறந்திருக்கிறது, அவ்வளவுதான். படம் திரும்பியதும் ஓரம் வெட்டுப்பட்டதும் இதில் தெரியாது. கோப்பு மிகச் சிறியது என்பதால் அளவு வரம்பும் சோதனைக்கு உள்ளாகாது. அதற்கு அப்புறம் போனில் எடுத்த நிஜ போட்டோவைப் போடுங்கள்.